மூடி இருந்தால் மூடிய அமைப்பா? திறந்த, மூடிய, தனித்த அமைப்புகளைப் பிரித்தறியும் வழி

"மூடி போட்ட மண்பானையில் இருக்கும் குடிநீர் எந்த வகை அமைப்பு?" பிளஸ் ஒன் வகுப்பில் இதைக் கேட்டால் பாதிப் பேர் யோசிக்காமல் "மூடிய அமைப்பு" என்பார்கள். ஏன் என்று கேட்டால், "அதான் மூடி இருக்குல்லா சார்" என்று பதில் வரும். காருகுறிச்சிப் பானை ஒன்றைச் சித்திரை வெயிலில் திண்ணையில் வைத்து, அதன் வெளிப்பக்கத்தைக் கையால் தடவிப் பாருங்கள். ஈரமாக இருக்கும். மண்சுவரில் உள்ள நுண்துளைகள் வழியே நீர் கசிந்து வெளியே ஆவியாகிக்கொண்டே இருக்கிறது. ஆவியாகும் நீர் தனக்கு வேண்டிய வெப்பத்தைப் பானையிலிருந்தும் எடுத்துக்கொள்வதால்தான் உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. பருப்பொருளும் வெளியே போகிறது, ஆற்றலும் போகிறது. ஆக, மூடி போட்டிருந்தாலும் அது திறந்த அமைப்பு.

வெப்ப இயக்கவியலில் முதல் பாடமே இதுதான். மூன்று வரையறைகளையும் மனப்பாடம் செய்ய ஐந்து நிமிடம் போதும். திறந்த அமைப்பு தன் சூழலோடு பருப்பொருளையும் ஆற்றலையும் பரிமாறிக்கொள்ளும். மூடிய அமைப்பு ஆற்றலை மட்டும் பரிமாறும், பருப்பொருளைப் பரிமாறாது. தனித்த அமைப்பு இரண்டையும் பரிமாறாது. மூன்றும் தெரிந்தவர்கள்கூட ஒரு மதிப்பெண் கேள்வியில் சறுக்குகிறார்கள் என்றால், வரையறையைப் பொருத்திப் பார்க்கும் வரிசை தெரியவில்லை என்று அர்த்தம். அந்த வரிசையைத்தான் கீழே சொல்லியிருக்கிறேன்.

முதல் வேலை: எல்லைக் கோடு

எதையும் யோசிக்கும் முன், எது அமைப்பு, எது சூழல் என்று ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்கு உள்ளே இருப்பது அமைப்பு, வெளியே இருப்பதெல்லாம் சூழல். அந்தக் கோடுதான் எல்லை. அது கண்ணாடிச் சுவராக இருக்கலாம், எஃகுப் பாத்திரமாக இருக்கலாம், வெறும் கற்பனைக் கோடாகவும் இருக்கலாம். அது அசையாமல் இருக்க வேண்டும் என்றும் கட்டாயம் இல்லை. பலூனின் ரப்பர் போல விரியலாம், பிஸ்டன் போல நகரலாம்.

கோட்டை எங்கே போடுவது என்பது நம் விருப்பம். போட்ட இடத்தைப் பொறுத்து ஒரே பொருளின் பெயர் மாறும். இதைப் பெரிய அளவில் பார்க்க நம் திருநெல்வேலி மாவட்டத்திலேயே ஓர் இடம் இருக்கிறது. கூடங்குளம் அணுமின் நிலையத்தில், உலையின் எரிபொருளைத் தொட்டுச் சுற்றிவரும் தண்ணீர் ஒரு தனிச் சுற்று. அது உயர் அழுத்தத்தில் இருப்பதால் 300 டிகிரிக்கு மேல் போனாலும் கொதிக்காது. அந்தத் தண்ணீர் நீராவி உருவாக்கியின் குழாய்ச் சுவர் வழியே இன்னொரு சுற்றில் இருக்கும் தண்ணீருக்கு வெப்பத்தைக் கொடுக்கிறது. இரண்டு தண்ணீரும் கலப்பதில்லை. முதல் சுற்றில் உள்ள நீர் முழுவதையும் சுற்றிக் கோடு போட்டால் அது மூடிய அமைப்பு, ஏனென்றால் ஆற்றல் மட்டும்தான் கோட்டைத் தாண்டுகிறது. (பராமரிப்புக்காகக் கொஞ்சம் நீரை எடுப்பதும் சேர்ப்பதும் உண்டு. இங்கே அதைக் கணக்கில் எடுக்கவில்லை.) சரி, அதே சுற்றில் இருக்கும் பம்பை மட்டும் சுற்றிக் கோடு போட்டால்? ஒரு பக்கம் தண்ணீர் நுழைகிறது, மறுபக்கம் வெளியேறுகிறது. இப்போது அது திறந்த அமைப்பு. வீட்டு ஃப்ரிட்ஜும் இப்படித்தான். குளிர்பொருள் ஓடும் குழாய்ச் சுற்று முழுவதையும் எடுத்தால் மூடியது, கம்ப்ரஸரை மட்டும் எடுத்தால் திறந்தது.

ஆகவே "ஃப்ரிட்ஜ் எந்த வகை?" என்று யாராவது கேட்டால், "ஃப்ரிட்ஜில் எதை?" என்று திருப்பிக் கேட்பதுதான் சரியான முதல் பதில். கேள்வித்தாளிடம் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் கேள்வியிலேயே பெரும்பாலும் ஒரு சொல் ஒளிந்திருக்கும்: "பிளாஸ்கில் உள்ள காபி", "சிலிண்டரில் உள்ள வாயு", "குழாயும் அதில் உள்ள கரைசலும்". அந்தச் சொல்லுக்கு அடியில் பென்சிலால் கோடிடுங்கள். எல்லை அங்கேதான் இருக்கிறது.

இரண்டாவது: எந்த நேரத்தில்?

இதைப் பெரும்பாலான பாடக்குறிப்புகள் சொல்வதில்லை. பிரஷர் குக்கரை எடுத்துக்கொள்வோம். "பிரஷர் குக்கர் மூடிய அமைப்பு" என்று பல வினாத்தாள்களில் விடை இருக்கிறது. அந்த விடை அரை உண்மைதான்.

அரிசியும் தண்ணீரும் போட்டு, கேஸ்கட்டைச் சரிபார்த்து மூடி, அடுப்பைப் பற்றவைக்கிறீர்கள். வெயிட் இன்னும் போடவில்லை. முதலில் உள்ளே இருந்த காற்றும், பிறகு ஆவியும் மேலே உள்ள குழாய் வழியே வெளியேறுகின்றன. இந்த நேரத்தில் அது திறந்த அமைப்பு. வெயிட்டைப் போட்டதும் வழி அடைபடுகிறது. அழுத்தம் ஏறுகிறது, வெப்பம் உள்ளே வந்துகொண்டே இருக்கிறது, ஆனால் எதுவும் வெளியே போகவில்லை. இப்போது மூடிய அமைப்பு. உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காகி, நீர் 120 டிகிரிக்குப் பக்கத்தில் இருக்கும்போது ஆவி வெயிட்டைத் தூக்குகிறது. விசில் அடிக்கும் அந்தச் சில நொடிகளில் அது மறுபடியும் திறந்த அமைப்பு. விசில் நின்றதும் மூடியது. அடுப்பை அணைத்து அழுத்தம் தானாக இறங்கும்வரை காத்திருக்கும்போது ஆவி வெளியே போவதில்லை, வெப்பம் மட்டும் சுவர் வழியே போகிறது. அப்போதும் மூடியதுதான். ஒரு படி சாதம் வேகும் நேரத்துக்குள் பெயர் இத்தனை தடவை மாறிவிடுகிறது.

எவ்வளவு பருப்பொருள் போனது என்று தெரிய வேண்டுமானால் குக்கரைச் சமைக்கும் முன்னும், ஆறிய பின்னும் தராசில் வைக்கலாம். 20 கிராம் குறைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 120 டிகிரியில் ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.2 கிலோஜூல் வேண்டும். அப்படியானால் அந்த 20 கிராம் நீரை ஆவியாக்கவே 44 கிலோஜூல் செலவாகி, ஆவியோடு சேர்ந்து வெளியே போயிருக்கிறது. அந்த ஆற்றலைக் கொண்டு ஒரு லிட்டர் தண்ணீரைப் பத்து டிகிரிக்கு மேல் சூடாக்கலாம். திறந்த அமைப்பில் பருப்பொருள் வெறுங்கையோடு போவதில்லை என்பதை இது காட்டுகிறது. அதனால்தான் "பருப்பொருளை மட்டும் பரிமாறும், ஆற்றலைப் பரிமாறாத அமைப்பு" என்று நான்காவது வகையைப் பாடப்புத்தகம் சொல்வதில்லை. போகிற ஒவ்வொரு கிராமும் தன் ஆற்றலையும் எடுத்துக்கொண்டுதான் போகும்.

தேர்வில் எப்படி எழுதுவது? கேள்வியில் "விசில் வரும்போது" என்றோ "ஆவி வெளியேறும்" என்றோ இருந்தால் திறந்தது. ஒன்றும் சொல்லாமல் குக்கரை மட்டும் கொடுத்திருந்தால் வெயிட் போட்டு அடைத்த நிலையைத்தான் கேட்பவர் நினைத்திருப்பார். மூடியது என்று எழுதுங்கள். இட்லிச் சட்டிக்கு இந்தச் சலுகை கிடையாது. அதன் மூடி இடுக்கில் ஆவி வந்துகொண்டே இருக்கும். அல்வா கிண்டும் வாணலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கோதுமைப் பாலில் இருக்கும் தண்ணீர் போனால்தான் அல்வா திரளும்.

மூன்றாவது: பருப்பொருள் தாண்டுகிறதா?

கண்ணால் பார்த்து முடிவு சொல்லாமல் தராசைக் கேட்பது ஆய்வகப் பழக்கம். நல்ல பழக்கம்தான், ஆனால் அதிலும் ஒரு குழி இருக்கிறது.

ஒரு கூம்புக் குடுவையில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் எடுத்து, அதில் 0.65 கிராம் துத்தநாகத்தைப் போடுங்கள். வாய் திறந்திருந்தால் ஹைட்ரஜன் வெளியே போய்விடும். திறந்த அமைப்பு, சந்தேகம் இல்லை. இப்போது குடுவையின் வாயில் ஒரு பலூனை இறுக்கமாக மாட்டிச் செய்யுங்கள் (பக்கத்தில் தீ எதுவும் இருக்கக் கூடாது). பலூன் மெல்ல உப்புகிறது. குடுவை, கரைசல், பலூன், உள்ளே உள்ள வாயு எல்லாவற்றையும் சேர்த்துக் கோடு போட்டால் இது மூடிய அமைப்பு. நிறை மாறக் கூடாது. ஆனால் இரண்டு தசம இடம் காட்டும் மின்னணுத் தராசில் வைத்தால், வினைக்குப் பிறகு காட்டும் அளவு முன்பைவிடச் சுமார் 0.3 கிராம் குறைந்திருக்கும்! "பலூன் ஒழுகுது, அப்போ இது திறந்த அமைப்பு" என்று முடிவு கட்டிவிடத் தோன்றும்.

அவசரப்பட வேண்டாம், கணக்குப் போட்டுப் பாருங்கள். 0.65 கிராம் துத்தநாகம் என்பது 0.01 மோல். அது 0.01 மோல் ஹைட்ரஜனைத் தரும். அதன் நிறை வெறும் 0.02 கிராம். வந்த வாயு முழுவதும் ஒழுகிப் போயிருந்தால்கூட 0.02 கிராம்தான் குறைய முடியும். 0.3 எப்படி வந்தது? காற்றின் மிதப்பு விசைதான் காரணம். 0.01 மோல் வாயு நம் ஊர் வெப்பநிலையில் கால் லிட்டர் இடத்தை அடைக்கிறது. பலூன் விரிந்து கால் லிட்டர் காற்றை நகர்த்திவிட்டது. அந்தக் காற்றின் நிறை சுமார் 0.29 கிராம். அவ்வளவு அளவுக்குக் காற்று பலூனை மேலே தாங்குகிறது, தராசு குறைத்துக் காட்டுகிறது. உள்ளே இருக்கும் நிறை மாறவே இல்லை.

மிதப்புச் சிக்கல் இல்லாமல் செய்ய வேண்டுமானால் வாயு வராத வினையை எடுங்கள். பேரியம் குளோரைடு கரைசலையும் சோடியம் சல்பேட் கரைசலையும் ஒரு குடுவைக்குள் தனித்தனியாக வைத்து, கார்க் போட்டு, எடை பார்த்து, பிறகு சாய்த்துக் கலக்கலாம். வெள்ளை வீழ்படிவு வரும், கனஅளவு மாறாது, தராசு அசையாது. பேரியம் உப்புகள் நஞ்சு என்பதால் கையைக் கழுவ மறக்க வேண்டாம்.

இந்தப் பலூனிலிருந்து தேர்வுக்கு இரண்டு விஷயம் கிடைக்கிறது. "மூடிய அமைப்பின் கனஅளவு மாறாது" என்ற கூற்று தவறு; பலூன் விரிகிறது, ஆனாலும் மூடியதுதான். "மூடிய அமைப்பில் மோல்களின் எண்ணிக்கை மாறாது" என்பதும் தவறு, ஏனென்றால் உள்ளே வினை நடக்கலாம். இதற்கு இன்னும் அழகான சான்று, நைட்ரஜன் டைஆக்சைடு அடைத்து முத்திரையிட்ட கண்ணாடிக் குமிழ். அதைப் பனிக்கட்டித் தண்ணீரில் வைத்தால் பழுப்பு நிறம் வெளுக்கும், வெந்நீரில் வைத்தால் அடர்த்தியாகும். இரண்டு NO2 மூலக்கூறுகள் சேர்ந்து ஒரு N2O4 ஆவதும் திரும்பப் பிரிவதும் அந்த நிறமாற்றத்துக்குக் காரணம். கண்ணாடியைத் தாண்டி ஓர் அணுவும் போகவில்லை, வெப்பம் மட்டும் போய்வருகிறது. மோல் எண்ணிக்கையோ கூடிக் குறைகிறது. மாறாதது மொத்த நிறை.

இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஒரு பொறி உண்டு: "நிறை மாறாமல் இருந்தால் அது மூடிய அமைப்பு". இதுவும் தவறு. மேல்நிலைத் தொட்டிக்கு மோட்டார் ஊற்றும் அளவும், குழாயில் நீங்கள் திறந்துவிடும் அளவும் சமமாக இருந்தால் தொட்டியில் நீர்மட்டம் அசையாது. ஆனால் தண்ணீர் வந்துபோய்க்கொண்டுதான் இருக்கிறது. திறந்த அமைப்பேதான். நிறை மாறுகிறதா என்று கேட்காதீர்கள், எல்லையைத் தாண்டுகிறதா என்று கேளுங்கள்.

நான்காவது: ஆற்றலை வெப்பம், வேலை என்று இரண்டாகப் பிரிக்க வேண்டும்

அதிகம் பேர் விழும் இடம் இதுதான். "ஆற்றல்" என்ற சொல்லைப் படித்ததும் மனம் "வெப்பம்" என்று எடுத்துக்கொள்கிறது. எல்லையை வெப்பமும் தாண்டலாம், வேலையும் தாண்டலாம். பிஸ்டனைத் தள்ளுவது வேலை, கம்பிச்சுருள் வழியே மின்சாரம் செலுத்துவது வேலை, கலக்கியால் கலக்குவதும் வேலை. வேதியியல் புத்தகம் இதை ஒரே வரியில் எழுதுகிறது:

ΔU = q + w

U என்பது அக ஆற்றல், q என்பது அமைப்புக்குள் வந்த வெப்பம், w என்பது அமைப்பின் மீது செய்யப்பட்ட வேலை. பருப்பொருள் தாண்டாத அமைப்புக்குத்தான் இந்தச் சமன்பாடு இப்படியே பொருந்தும்.

இப்போது இந்தக் கேள்வியைப் பாருங்கள். "வெப்பம் கடத்தாத சுவர்களையும் உராய்வின்றி நகரும் பிஸ்டனையும் கொண்ட உருளையில் ஒரு வாயு அடைக்கப்பட்டுள்ளது. இது எவ்வகை அமைப்பு?" வெப்பம் கடத்தாத சுவர் என்று வாசித்ததும் கை "தனித்த அமைப்பு" பக்கம் போகும். கேள்வி கேட்டவர் வைத்திருக்கும் பொறியும் அதுதான். பிஸ்டனைக் கவனியுங்கள். அதை அழுத்தினால் வாயுவின் மீது வேலை செய்கிறோம். q பூஜ்யம், ஆனால் w பூஜ்யம் அல்ல, அதனால் ΔU = w. ஆற்றல் எல்லையைத் தாண்டிவிட்டது. இது மூடிய அமைப்பு. சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை வேகமாக அடித்தால் அடிப்பகுதி சுடுவதற்கு, உராய்வோடு இதுவும் ஒரு காரணம்: உள்ளே அமுக்கப்படும் காற்று நம் கை செய்த வேலையை வாங்கிக்கொள்கிறது.

வெப்பம் மாறாச் செயல்முறை என்பது வேறு, தனித்த அமைப்பு என்பது வேறு. முதலாவதில் q மட்டும் பூஜ்யம். இரண்டாவதில் q, w இரண்டும் பூஜ்யம், பருப்பொருள் பரிமாற்றமும் இல்லை. ஒரு சுவர் தனித்த அமைப்புக்கு எல்லையாக வேண்டுமானால் அது ஊடுருவ விடாததாக, வெப்பம் கடத்தாததாக, அசையாததாக, மூன்றுமாக இருக்க வேண்டும். உள்ளே மின்கம்பி போகக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். "நன்கு காப்பிடப்பட்ட பாத்திரத்தில் உள்ள நீரை, அதில் அமிழ்ந்துள்ள மின்சூடேற்றி சூடாக்குகிறது, நீரும் சூடேற்றியும் சேர்ந்த அமைப்பு எவ்வகை?" என்று கேட்டால், கம்பி வழியே மின் ஆற்றல் வருவதால் அது மூடியது.

பிளாஸ்க் விஷயத்துக்கு வருவோம். ஜேம்ஸ் டீவார் 1892-ல் வடிவமைத்த இரட்டைச் சுவர்க் குடுவைதான் இன்று நாம் காபி ஊற்றும் பிளாஸ்கின் மூதாதை. இரண்டு சுவருக்கும் நடுவே வெற்றிடம் இருப்பதால் கடத்தலும் சலனமும் தடைபடுகின்றன. வெள்ளிப் பூச்சு கதிர்வீச்சைக் குறைக்கிறது. ஆனாலும் கழுத்துப் பகுதி வழியாகவும் மூடி வழியாகவும் வெப்பம் மெதுவாகக் கசியும். ராத்திரி கொதிக்கக் கொதிக்க ஊற்றிய பால் விடிந்து பார்த்தால் அதே சூட்டில் இருப்பதில்லை. அதனால் பிளாஸ்க் தனித்த அமைப்புக்கு நெருக்கமானது, முழுமையான தனித்த அமைப்பு அல்ல. ஒரு மதிப்பெண் கேள்வியில் பிளாஸ்க் என்றால் தனித்தது என்றே எழுதுங்கள். "முழுமையான தனித்த அமைப்பு நடைமுறையில் கிடையாது" என்று கூற்று வந்தால் அதையும் சரி என்று போடுங்கள். இரண்டும் முரண் அல்ல. முதலாவது, குறுகிய நேரத்துக்குப் பொருந்தும் ஒரு தோராயம்.

தனித்த அமைப்புக்குள் சூடு ஏறலாம்

"தனித்த அமைப்பின் வெப்பநிலை மாறாது." சரியா, தவறா? நன்றாகப் படிப்பவர்களையும் கவிழ்க்கும் கூற்று இது. வெப்பம் உள்ளே வரவில்லை, வெளியே போகவில்லை, அப்புறம் எப்படி வெப்பநிலை மாறும் என்று தோன்றும். ஒரு சோதனையை முழுதாகச் செய்து பார்த்துவிடுவோம்.

மூடியுள்ள தெர்மாகோல் டம்ளர் ஒன்று, ஒரு வெப்பமானி, 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மி.லி., 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 50 மி.லி. வேண்டும். எவர்சில்வர் பிளாஸ்கில் இதைச் செய்யாதீர்கள், அமிலம் உலோகத்தை அரிக்கும். இரண்டு கரைசலும் ஒரே அறையில் கொஞ்ச நேரம் இருந்து ஒரே வெப்பநிலைக்கு வந்திருக்க வேண்டும். 30 டிகிரி என்று வைப்போம். அமிலத்தை டம்ளரில் எடுத்து, காரத்தை ஒரே மூச்சில் ஊற்றி, உடனே மூடி, மூடியின் துளை வழியே வெப்பமானியைச் செருகி, டம்ளரை மெல்லச் சுழற்றுங்கள். ஊற்றும் நொடியில் அது திறந்த அமைப்பு. மூடியதிலிருந்துதான் நம் கணக்கு.

வலிமைமிகு அமிலமும் வலிமைமிகு காரமும் ஒரு மோல் அளவு நடுநிலையாகும்போது ஏறத்தாழ 57.3 கிலோஜூல் வெளிப்படும். நம்மிடம் இருப்பது 0.05 மோல். ஆகவே 2.87 கிலோஜூல். கரைசல் மொத்தம் 100 மி.லி., அதை 100 கிராம் நீராகவே எடுத்துக்கொண்டால், ஒரு டிகிரி ஏற 418 ஜூல் வேண்டும். 2870-ஐ 418-ஆல் வகுத்தால் 6.9. வெப்பமானி 37 டிகிரிக்குப் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். உங்களுக்கு 36 அல்லது 36.5 வந்தால் கணக்கு தவறில்லை. டம்ளரும் வெப்பமானியும் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொண்டன, மூடி இடுக்கில் கொஞ்சம் போனது. உயர்வு நான்கு டிகிரிக்கும் குறைவாக இருந்தால் கரைசலின் செறிவைச் சந்தேகப்படுங்கள். பழைய சோடியம் ஹைட்ராக்சைடு கரைசல் காற்றில் உள்ள கார்பன் டைஆக்சைடை உறிஞ்சி வலு இழந்திருக்கும்.

இந்த ஏழு டிகிரிக்கான ஆற்றல் வெளியிலிருந்து வரவில்லை. கரைசலுக்குள் வேதி ஆற்றலாக இருந்ததே வெப்ப இயக்கமாக மாறியிருக்கிறது. மொத்த அக ஆற்றல் அதேதான்: q பூஜ்யம், w பூஜ்யம், ΔU பூஜ்யம். வெப்பநிலை மட்டும் ஏறியிருக்கிறது.

அதே வினையைச் சாதாரணக் கண்ணாடிக் குடுவையில் செய்து கார்க் போட்டு வைத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து வந்து பாருங்கள். சூடு ஆறி, கரைசல் 30 டிகிரிக்கே வந்திருக்கும். தொடக்கத்திலும் 30, முடிவிலும் 30. ஆனால் 2.87 கிலோஜூல் கண்ணாடி வழியே அறைக்குப் போய்விட்டது. இப்போது ΔU என்பது −2.87 கிலோஜூல். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வெப்பநிலை ஏறிய இடத்தில் அக ஆற்றல் மாறவில்லை, வெப்பநிலை மாறாமல் முடிந்த இடத்தில் அக ஆற்றல் குறைந்திருக்கிறது. முதலாவது தனித்த அமைப்பு, இரண்டாவது மூடிய அமைப்பு. "வெப்பநிலை மாறவில்லை, எனவே ஆற்றல் பரிமாறவில்லை" என்ற கூற்றுக்கு இனி மயங்க மாட்டீர்கள்.

கேள்வித்தாளில் சொற்கள் செய்யும் வேலை

மேலே பார்த்ததையெல்லாம் கடந்த பிறகும் மதிப்பெண் போவது சில சின்னச் சொற்களால். "மட்டும்", "எப்போதும்", "முடியும்", "கட்டாயம்" ஆகிய நான்கையும் கவனியுங்கள். "மூடிய அமைப்பு வெப்பத்தை மட்டும் பரிமாறும்" என்பது தவறு, ஏனென்றால் வேலையும் பரிமாறலாம். "மூடிய அமைப்பு எப்போதும் ஆற்றலைப் பரிமாறிக்கொண்டிருக்கும்" என்பதும் தவறு. அறை வெப்பநிலைக்கே வந்துவிட்ட, முத்திரையிட்ட குழாய் நிகர அளவில் எதையும் பரிமாறவில்லை. பரிமாற முடியும் என்பதே போதும், அது மூடியதுதான். சுவர் எதை அனுமதிக்கிறது என்பதுதான் கேள்வி, இந்த நொடியில் ஏதாவது போகிறதா என்பது அல்ல. குக்கர் உதாரணத்தோடு இது மோதுவதுபோல் தெரியலாம். மோதவில்லை. விசில் வரும்போது எல்லையிலேயே ஒரு வழி திறக்கிறது, அதாவது எல்லை அனுமதிப்பதே மாறுகிறது.

"எல்லாத் தனித்த அமைப்புகளும் மூடிய அமைப்புகளே" என்ற கூற்று கொஞ்சம் சண்டைக்காரக் கூற்று. மூடியது என்றால் பருப்பொருள் தாண்டாதது, அவ்வளவுதான் என்று வரையறுத்தால் இது சரி. தனித்தது அதில் ஒரு தனி வகை ஆகிவிடும். மூடியது கட்டாயம் ஆற்றலைப் பரிமாறக்கூடியது என்று வரையறுக்கும் புத்தகத்தின்படி தவறு. நான் முதல் கட்சி. ஆனால் நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், பொருந்துகிற வகைகளில் மிகக் குறுகியதை எடுங்கள். பிளாஸ்குக்கு "மூடியது", "தனித்தது" இரண்டும் விடைகளில் இருந்தால் தனித்ததுதான்.

பூமியைக் கேட்டால், சூரிய ஒளி வருகிறது, வெப்பக் கதிர் திரும்பப் போகிறது, பருப்பொருள் ஒப்பீட்டளவில் மிகக் குறைவாகவே போய்வருகிறது என்பதால் ஏறத்தாழ மூடியது. செடி, மாடு, மனிதன் எல்லாம் திறந்தவை. முழுப் பிரபஞ்சத்தைப் பாடப்புத்தகம் தனித்ததாக எடுத்துக்கொள்கிறது. இவற்றில் யோசிக்க அதிகம் இல்லை.

கடைசியாக, கூற்று – காரணம் வகையில் ஒன்று.

கூற்று: வெப்பம் கடத்தாத, அசையாத சுவர்களால் மூடப்பட்ட கலத்தில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வினைபுரிந்து நீராவியானால், அமைப்பின் அக ஆற்றல் குறையும்.
காரணம்: இவ்வினை வெப்ப உமிழ் வினை.

வரிசைப்படி போவோம். எல்லை, கலத்தின் சுவர். பருப்பொருள் தாண்டவில்லை. வெப்பம் தாண்டவில்லை. சுவர் அசையாததால் விரிவடையும் வேலையும் இல்லை. எனவே தனித்த அமைப்பு, ΔU பூஜ்யம். கூற்று தவறு. காரணம் மட்டும் தனியாகப் பார்த்தால் சரி. வெப்ப உமிழ் வினைதான், ஆனால் உமிழ்ந்தது வெளியே போக வழியில்லாமல் உள்ளே இருக்கும் வாயுவையே கடுமையாகச் சூடாக்கிவிட்டது. "கூற்று தவறு, காரணம் சரி" என்ற விடையைக் குறியுங்கள். அதே கேள்வியில் சுவர் வெப்பம் கடத்துவதாக இருந்து, கலம் மறுபடியும் அறை வெப்பநிலைக்கு வந்தது என்று எழுதியிருந்தால் கூற்றும் சரி, காரணமும் சரி, காரணம் கூற்றை விளக்கவும் செய்கிறது.